வளவு வீட்டு ஒப்பந்தம்: எதைப் பத்தியாக விடுவது, எதை அட்டவணையாக்குவது

செட்டிநாட்டின் பெரிய வீடுகளில் பலவற்றுக்கு இன்று ஒரே உரிமையாளர் இல்லை. கட்டியவரின் மகன்கள், அவர்களுடைய மகன்கள் என்று பங்கு கிளைத்து, புள்ளி எனப்படும் பங்குதாரக் குடும்பங்கள் ஒரு வீட்டுக்கு நான்கு, எட்டு என்று கணக்கு நீள்கிறது. ஒரு புள்ளி கானாடுகாத்தானிலேயே இருக்கும், இன்னொன்று சென்னையில், மற்றொன்று சிங்கப்பூரில். பராமரிப்புப் பணம் யார் எவ்வளவு தருவது, வளவு என்ற உள்முற்றத்தைச் சுற்றியும் மாடியிலும் எந்த அறை யாருக்கு, மழையில் ஒழுகினால் யார் ஓடு மாற்றுவது, பங்கை விற்க நினைப்பவர் என்ன செய்ய வேண்டும் என்பதையெல்லாம் எழுதி வைத்துக்கொள்ளாவிட்டால் அந்த வீடு நிற்காது. எனவே புள்ளிகள் ஒப்பந்தம் எழுதிக்கொள்கிறார்கள்.

அந்த ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஒரே பத்தியாக இருக்கும். ‘என்னவென்றால்’ என்று தொடங்கிய வாக்கியம் ‘என்றும், என்றும்’ என்று ஓடி, இரண்டு பக்கம் கழித்து ‘சம்மதித்துக் கையொப்பமிட்டோம்’ என்று முடியும். படிக்கிறவர் தனக்கான செய்தியைத் தேடி ஒவ்வொரு முறையும் தொடக்கத்திலிருந்து வர வேண்டியிருக்கும். இந்தத் தொல்லையைக் கண்ட இளையவர்கள் இப்போது ஒப்பந்தத்தைக் கணினியில் ஏற்றி, ‘என்றும்’ வரும் இடமெல்லாம் வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் ஒரு கரும்புள்ளி வைத்துவிடுகிறார்கள். பார்ப்பதற்குத் தெளிவாக இருக்கிறது. ஆனால் பழைய பத்தியில் இல்லாத சண்டைகள் இந்தப் புதிய வடிவத்தில் பிறக்கின்றன. எதை உடைக்கலாம், எதை உடைக்கக் கூடாது என்று தீர்மானிக்க ஒரு வழி இருக்கிறது. அதை ஒரு மாதிரிப் பத்தியை வைத்தே பார்த்துவிடலாம்.

கட்டியவருக்கு மூன்று மகன்கள் என்று கொள்வோம். மூத்த இருவரின் பங்குகள் அப்படியே இருக்கின்றன. மூன்றாமவரின் பங்கு அவருடைய இரண்டு மகன்களிடம் போயிருக்கிறது. ஆக நான்கு புள்ளிகள். ஆண்டுக்கு ஒருவராக முறை வைத்து வீட்டைக் கவனிப்பவர் முறைகாரர். அவர்கள் எழுதிய பத்தி இது:

> வீட்டின் ஆண்டுப் பராமரிப்புச் செலவு ரூ.1,80,000 என்று வைத்து அதில் முதல் புள்ளியும் இரண்டாம் புள்ளியும் மூன்றில் ஒரு பங்கு வீதமும், மூன்றாம் புள்ளியும் நான்காம் புள்ளியும் ஆறில் ஒரு பங்கு வீதமும் சித்திரை மாதம் முடிவதற்குள் செலுத்துவது என்றும், வளவில் வடபுறத்து அறைகள் இரண்டும் முதல் புள்ளிக்கும், தென்புறத்து அறைகள் இரண்டும் இரண்டாம் புள்ளிக்கும், மேற்கில் ஒவ்வோர் அறை மூன்றாம், நான்காம் புள்ளிகளுக்கும், மாடி அறை மூன்றாம் புள்ளிக்கும் என்றும், அந்தந்த ஆண்டு முறைகாரர் கூரை ஒழுக்கைச் சரிசெய்ய ரூ.25,000 வரை தாமே செலவு செய்யலாம் என்றும், அதற்கு மேற்பட்டால் மற்றப் புள்ளிகளில் இருவரின் எழுத்துச் சம்மதம் வேண்டும் என்றும், ஆனால் காத்திருந்தால் தூணோ உத்தரமோ கெடும் என்ற நிலையில் ஒழுக்கை நிறுத்தும் அளவுக்குச் செய்துவிட்டு ஏழு நாளில் தெரிவிக்க வேண்டும் என்றும், பொதுவில் உள்ள தூண், கதவு, பெட்டகம் எதையும் மற்றவர்களின் சம்மதமின்றிப் பெயர்த்து விற்கக் கூடாது என்றும், பங்கை விற்க விரும்புகிறவர் மற்றவர்களுக்குத் தெரிவித்து அறுபது நாள் காத்திருக்க வேண்டும் என்றும் சம்மதித்தோம்.

ஒரே வாக்கியம்தான். ஆனால் இதற்குள் நான்கு வேறு வகையான செய்திகள் இருக்கின்றன. அவற்றைப் பிரித்தறிய நான் பயன்படுத்தும் கேள்வி ஒன்றுதான்: இந்தச் செய்திகளை ஒன்றோடொன்று இணைத்திருப்பது எது? ‘மேலும்’ என்பது மட்டும்தானா? அல்லது ‘ஆனால்’, ‘ஆகையால்’, ‘இல்லாவிட்டால்’, ‘அந்த நிலையில் மட்டும்’ என்பவையா?

முதலில் பங்கும் அறையும். இங்கே நான்கு புள்ளிகளிடமும் நாம் கேட்பவை ஒரே கேள்விகள்: எவ்வளவு பங்கு, வளவில் எந்த அறை, மாடியில் எந்த அறை. முதல் புள்ளிக்கான விடைக்கும் நான்காம் புள்ளிக்கான விடைக்கும் நடுவில் ‘ஆனால்’ எதுவும் இல்லை. ஒரே கேள்விகளைப் பலரிடம் கேட்டு விடைகளை வாங்குகிறோம் என்றால் அது அட்டவணைக்கு உரிய செய்தி.

| புள்ளி | பங்கு | வளவில் | மாடியில் |
|---|---|---|---|
| முதல் | 1/3 | வடபுறம், இரண்டு அறைகள் | இல்லை |
| இரண்டாம் | 1/3 | தென்புறம், இரண்டு அறைகள் | இல்லை |
| மூன்றாம் | 1/6 | மேற்கில் ஓர் அறை | ஓர் அறை |
| நான்காம் | 1/6 | மேற்கில் ஓர் அறை | இல்லை |

இந்த வடிவம் கண்ணுக்கு எளிது என்பது சிறிய நன்மை. பத்தி மறைத்து வைத்திருந்ததை அட்டவணை வெளியே கொண்டுவருகிறது என்பதே பெரிய நன்மை. மேற்கில் இரண்டு அறைகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் ஒருவருக்கு. ஆனால் எது யாருக்கு? பத்தியில் படிக்கும்போது இந்தக் கேள்வி எழவே இல்லை. இரண்டு வரிசைகளில் ஒரே சொற்கள் அடுத்தடுத்து நிற்கும்போது அது கண்ணை உறுத்துகிறது. கையொப்பம் இடுவதற்கு முன்பே ‘மேற்கில் வடக்கு ஓரத்து அறை’, ‘மேற்கில் தெற்கு ஓரத்து அறை’ என்று திருத்திவிடலாம்.

கூட்டிப் பார்க்க முடிவது இன்னொரு நன்மை. பங்குகளை ஒரு பத்தியில் சிதறவிட்டால் அவை மொத்தம் ஒன்று ஆகின்றனவா என்று யாரும் பார்ப்பதில்லை. தட்டச்சில் நான்காம் புள்ளிக்கு 1/6க்குப் பதில் 1/4 என்று விழுந்துவிட்டால் மொத்தம் 13/12 ஆகிவிடும், ரூ.1,80,000க்கு ரூ.15,000 கூடுதலாக வசூலாகும். நெடுக்குக் கட்டத்தில் பின்னங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றால் பேரேடு எழுதிப் பழகிய எந்தப் பெரியவரும் அதை ஒரு நொடியில் பிடித்துவிடுவார். வணிகத்துக்காகக் கொண்டுவிற்கப் போன இடத்திலிருந்து ஐந்தொகை என்னும் இருப்புக் கணக்கை எழுதி அனுப்பிய ஊர் இது. எண்களைப் பத்தி கட்டி வைத்திருந்தால் ஐந்தொகையைச் சரிபார்த்திருக்க முடியாது.

அட்டவணையில் நான் தொகையைப் போடவில்லை, பின்னத்தை மட்டும் போட்டிருக்கிறேன் என்பதைக் கவனித்திருப்பீர்கள். ரூ.60,000, ரூ.30,000 என்று எழுதுவது படிப்பவருக்கு இன்னும் வசதிதான். ஆனால் அடுத்த ஆண்டு மொத்தச் செலவு ரூ.2,10,000 ஆனால் ஒப்பந்தத்தில் உள்ள தொகை தவறாகிவிடும், பின்னம் தவறாகாது. பின்னமும் தொகையும் இரண்டும் இருந்தால் எது செல்லும் என்ற கேள்வி வரும். அட்டவணையில் இருக்கும் எண் பத்தியில் மறுபடி வரக் கூடாது என்பதும் இதே காரணத்தால்தான். ஒரு செய்திக்கு ஆவணத்தில் ஓர் இடம்தான் இருக்க வேண்டும். தொகையை ஆண்டுதோறும் அனுப்பும் கணக்கில் எழுதிக்கொள்ளலாம்.

அரசும் இந்தத் திசையில்தான் நகர்ந்திருக்கிறது. 2025 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் அறிமுகமான வருமான வரி மசோதாவில் 57 அட்டவணைகள் இருந்தன. அது மாற்ற வந்த 1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்தவை 18. யாருக்கு எவ்வளவு, எந்த வரம்புக்கு மேல் என்ற வகைச் செய்திகள்தான் கட்டங்களுக்குள் போயின. வரி விகிதம் போன்ற செய்தியைப் பத்தியில் படிக்க வைப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

இனி கூரை ஒழுக்கு. இங்கேதான் கரும்புள்ளி கேடு செய்கிறது. ‘என்றும்’களை வெட்டி எழுதினால் இப்படி வரும்:

- முறைகாரர் ரூ.25,000 வரை தாமே செலவு செய்யலாம்.
- அதற்கு மேல் இரண்டு புள்ளிகளின் எழுத்துச் சம்மதம் வேண்டும்.
- தூண், உத்தரம் கெடும் நிலையில் சம்மதம் தேவையில்லை.
- ஏழு நாளில் தெரிவிக்க வேண்டும்.

ஒவ்வொரு வரியும் தனித்தனியே உண்மை. ஆனால் நான்கு வரிகளும் ஒரே தரத்தில், ஒரே உயரத்தில் நிற்கின்றன. மூலப் பத்தியில் அவை அப்படி இல்லை. முதல் வரி பொது விதி, இரண்டாவது அதன் எல்லை, மூன்றாவது அந்த எல்லைக்கு மட்டும் விதிவிலக்கு, நான்காவது அந்த விதிவிலக்கைப் பயன்படுத்தியவருக்கு மட்டும் உள்ள கடமை. பட்டியலாக்கியபோது ‘ஆனால்’ போய்விட்டது, ‘ஒழுக்கை நிறுத்தும் அளவுக்கு’ என்ற வரம்பும் போய்விட்டது. வேண்டுமென்று யாரும் நீக்கவில்லை. புள்ளி வைத்த வரி சுருக்கமாக இருக்க வேண்டும் என்ற பழக்கம் அதைத் தின்றுவிட்டது.

இதன் விளைவை ஒரு நிகழ்வாக நினைத்துப் பாருங்கள். ஐப்பசி மழை. பட்டாலை என்ற கூடத்துக்கு மேல் ஓடு நழுவி, ஓர் உத்தரத்தின் முனை நனைகிறது. முறைகாரர் ஆளை வைத்து அந்த இடத்தை அடைக்கிறார். ஏணி ஏறியதோடு ஏறியதாகப் பட்டாலைக் கூரை முழுவதற்கும் ஓடு மாற்றிவிடுகிறார். செலவு ரூ.90,000. பட்டியலின்படி அவர் செய்தது சரி: உத்தரம் கெடும் நிலை இருந்தது, சம்மதம் தேவையில்லை. பத்தியின்படி ஒழுக்கை அடைத்த செலவுக்கு மட்டும் விதிவிலக்கு; மீதிக்கு இரண்டு பேரின் சம்மதம் வேண்டும். சிங்கப்பூரில் இருக்கும் புள்ளி ‘எனக்கு ஏழு நாளில் சொல்லவில்லையே’ என்று கேட்டால், நான்காவது வரி எந்தச் செலவைப் பற்றியது என்று பட்டியல் சொல்லாது. ரூ.3,000க்கு ஓட்டை அடைத்தாலும் ஏழு நாளில் தெரிவிக்க வேண்டும் என்று ஒருவர் படிக்கலாம். பெரிய செலவுக்கு மட்டும் என்று இன்னொருவர் படிக்கலாம்.

நிபந்தனையும் விதிவிலக்கும் பின்னிக்கிடக்கும் இடத்தில் வாக்கியத்தை வாக்கியமாகவே விட வேண்டும். அதற்காக இரண்டு பக்க வாக்கியத்தில் விட வேண்டியதில்லை. பத்தியின் நோய்க்கு முதல் மருந்து முற்றுப்புள்ளி. பலர் அதைத் தாண்டி நேராகக் கரும்புள்ளிக்குப் போய்விடுகிறார்கள்.

> கூரை ஒழுக்கைச் சரிசெய்ய முறைகாரர் ஓராண்டில் ரூ.25,000 வரை தாமே செலவு செய்யலாம். அதற்கு மேல் செலவாகும் என்றால், வேலையைத் தொடங்கும் முன் மற்றப் புள்ளிகளில் இருவரின் எழுத்துச் சம்மதம் பெற வேண்டும். ஆனால் சம்மதம் வரும்வரை காத்திருந்தால் மறுபடி கிடைக்காத மரவேலை கெட்டுவிடும் என்ற நிலையில், ஒழுக்கை நிறுத்துவதற்கு வேண்டிய அளவு மட்டும் சம்மதமின்றிச் செய்யலாம். அப்படிச் செய்தவர் ஏழு நாளுக்குள் எல்லாப் புள்ளிகளுக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

நான்கே வாக்கியங்கள். இதில் ‘ஓராண்டில்’ என்ற சொல் புதிதாக வந்திருக்கிறது. ரூ.25,000 ஒரு தடவைக்கா, ஓர் ஆண்டுக்கா என்று மூலத்தில் இல்லை. அடர்ந்த பத்தியை முழு வாக்கியங்களாக விரிக்கும்போதுதான் இப்படிப்பட்ட ஓட்டைகள் தெரிகின்றன, புள்ளிகள் கூடிப் பேசி முடிவு செய்ய வேண்டியவை இவை.

காரணத்தையும் வாக்கியம் தாங்கும், பட்டியல் தாங்காது. ‘மறுபடி கிடைக்காத’ என்ற காரணம் உள்ளே இருப்பதால், நாளை தண்ணீர் இறங்குவது தூணில் அல்ல, பழைய சுண்ணாம்புப் பூச்சுச் சுவரில் என்றால் என்ன செய்வது என்று யோசிக்கப் பிடி கிடைக்கிறது. பர்மாத் தேக்கைக் காப்பாற்ற எழுதிய விதி, முட்டைவெண்கருவும் சுண்ணாம்பும் சேர்த்துப் பூசிய சுவருக்கும் பொருந்துமா என்று புள்ளிகள் அந்தக் காரணத்தை வைத்தே பேசலாம். பட்டியலில் ‘தூண், உத்தரம்’ என்ற இரண்டு சொற்கள்தான் இருக்கும். சுவர் அதில் இல்லை, பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

மூன்றாவது, பெயர்த்து விற்கக் கூடாதவை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளைப் பார்த்தவர்களுக்கு இந்த விதி ஏன் வருகிறது என்று சொல்ல வேண்டியதில்லை. இது பட்டியலாக வேண்டியதுதான்: சமமான பொருள்கள், ஒரே தடை, நடுவில் நிபந்தனை இல்லை. ஆனால் தமிழில் பட்டியல் எழுதுகிறவர் இரண்டு இடங்களில் விழிப்பாக இருக்க வேண்டும்.

தமிழில் அடைமொழி முன்னால் வரும். ‘பொதுவில் உள்ள தூண், கதவு, பெட்டகம்’ என்றால் ‘பொதுவில் உள்ள’ என்பது தூணுக்கு மட்டுமா, மூன்றுக்குமா? தன் அறைக்குள் இருக்கும் பெட்டகத்தை நான்காம் புள்ளி விற்கலாமா? பத்தியை வைத்து இரண்டு விடையும் சொல்லலாம். பட்டியலாக்கும்போது அடைமொழியைத் தலைவரியில் வைக்கிறோமா, முதல் உருப்படியில் வைக்கிறோமா என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். அந்தத் தேர்வைத் தட்டச்சு செய்கிறவர் செய்யக் கூடாது. புள்ளிகளிடம் கேட்க வேண்டும்.

அடுத்தது வினை. நம் வாக்கியத்தில் வினை கடைசியில் நிற்கும். எனவே பத்தியை அப்படியே வெட்டினால் தலைவரி அரைகுறையாக நிற்கும், உருப்படிகள் தொங்கும், எல்லாம் முடிந்த பிறகு ‘ஆகியவற்றை மற்றவர்களின் சம்மதமின்றிப் பெயர்த்து விற்கக் கூடாது’ என்று ஒரு வால் வரும். அந்த வால் கடைசி உருப்படியோடு ஒட்டிக்கொண்டால் பெட்டகத்துக்கு மட்டும்தான் தடை என்று படிக்க இடம் உண்டு. தலைவரியையே முழு வாக்கியமாக முடித்துவிட்டால் இந்தச் சிக்கல் இல்லை:

பொதுப் பகுதியில் உள்ள பின்வரும் பொருள்களில் எதையும், எல்லாப் புள்ளிகளின் எழுத்துச் சம்மதம் இன்றிப் பெயர்க்கவோ விற்கவோ கூடாது.

(அ) தூண்கள்
(ஆ) கதவுகளும் நிலைகளும்
(இ) பெட்டகங்கள்

‘எதையும்’ என்ற சொல் தலைவரியில் இருப்பதற்குக் காரணம் உண்டு. பத்தியில் ‘உம்’மும் ‘அல்லது’வும் செய்த வேலையைப் பட்டியலில் வெறும் இடைவெளிதான் செய்கிறது, அது எல்லாமா, ஏதேனும் ஒன்றா என்று சொல்லாது. மூன்று சான்றுகள் கேட்கும் பட்டியலில் மூன்றும் வேண்டுமா, ஒன்று போதுமா என்று தெரியாமல் பத்திரப் பதிவு அலுவலக வாசலில் நிற்கிறவர்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம். கரும்புள்ளிக்குப் பதில் (அ), (ஆ) என்று குறித்திருப்பதும் அழகுக்கு அல்ல. பின்னால் கடிதம் எழுதும்போது ‘5(ஆ)வின்படி’ என்று சுட்ட வேண்டும். கரும்புள்ளியைச் சுட்ட முடியாது.

கடைசியாக விற்பனை. மூலத்தில் இது ஒரே வரி, அதனால் பலர் இதை அப்படியே விட்டுவிடுவார்கள். எனக்கு இது எண்ணிட்ட படிகளாக வேண்டும். இங்கே நடப்பவை ஒன்றன்பின் ஒன்றாக நடக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆளும் ஒரு காலக்கெடுவும் உண்டு.

1. விற்க விரும்பும் புள்ளி, கேட்கும் விலையைக் குறிப்பிட்டு மற்ற மூன்று புள்ளிகளுக்கும் பதிவுத் தபாலில் தெரிவிக்க வேண்டும்.
2. கடிதம் கிடைத்த நாளிலிருந்து 60 நாளுக்குள், வாங்க விரும்புகிறவர் எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும்.
3. ஒன்றுக்கு மேற்பட்டவர் ஒப்புக்கொண்டால், தங்கள் பங்குகளின் விகிதத்தில் பிரித்து வாங்கிக்கொள்ளலாம்.
4. யாரும் ஒப்புக்கொள்ளாவிட்டால், அதே விலைக்கோ அதற்கு மேலோ வெளியாருக்கு விற்கலாம்.

விலை என்ற சொல்லே மூலத்தில் இல்லை. அறுபது நாள் எப்போது தொடங்குகிறது என்பதும் இல்லை. இரண்டு பேர் கேட்டால் என்ன என்பதும் இல்லை. ‘யார், எப்போதிலிருந்து, அடுத்து என்ன’ என்று ஒவ்வொரு படியும் கேட்பதால் இவை வெளிவருகின்றன. இது சரியாக எழுதப்படாவிட்டால் விஷயம் நீதிமன்றத்துக்குப் போகலாம். கூட்டுக் குடும்ப வீட்டில் ஒரு பங்கை வாங்கிய வெளியார் பாகம் கேட்டு வழக்குப் போட்டால், குடும்பத்துப் பங்குதாரர் அதை நீதிமன்றம் மதிப்பிடும் விலைக்குத் தாமே வாங்கிக்கொள்ள 1893ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு வழி விடுகிறது. அந்த நீண்ட வழியைத் தவிர்க்கத்தான் இந்த நான்கு படிகள்.

பிரித்தது சரியா என்று பார்க்கச் சில அடையாளங்கள் உண்டு. பட்டியலின் ஓர் உருப்படி ‘ஆனால்’ என்றோ ‘மேற்படி’ என்றோ தொடங்கினால் அது பட்டியல் அல்ல. மேலே உள்ள வரியின் தொடர்ச்சி. உருப்படிகளின் வரிசையை மாற்றினால் பொருள் மாறுகிறது, ஆனால் எண்கள் இடப்படவில்லை என்றால் தவறு. அட்டவணைக் கட்டத்துக்குள் இரண்டு, மூன்று வாக்கியங்கள் நெருக்கியடித்து நின்றால் அந்தச் செய்தி கட்டத்துக்கு உரியதல்ல. ஒருவருக்கு மட்டும் உள்ள நிபந்தனையை எல்லோருக்கும் ஒரு நெடுக்கு வரிசையாக்கிவிட்டீர்கள். அட்டவணைக்குக் கீழே உடுக்குறிகள் பெருகினாலும் அதே பொருள்தான்.

வெற்றுக் கட்டம் இன்னும் ஆபத்தானது. மேலே உள்ள அட்டவணையில் மாடிக்கு ‘இல்லை’ என்று எழுதியிருக்கிறேன். காலியாக விட்டிருந்தால் அறை இல்லை என்பதா, இன்னும் முடிவாகவில்லை என்பதா, எழுத மறந்துவிட்டார்களா என்று தெரியாது. பழைய பத்திர எழுத்தர்கள் வரியை ஓரம்வரை நிரப்பி இடைவெளி விடாமல் எழுதியதற்கு ஒரு நியாயம் இருந்தது: வெற்றிடம் இருந்தால் பிறகு யாரேனும் எதையேனும் நுழைக்கலாம். 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவும் இந்த அச்சத்தைத்தான் கையாள்கிறது. இடைச்செருகல், வெற்றிடம், அழித்தல், மாற்றம் உள்ள ஆவணத்தில் எழுதிக்கொடுத்தவர்கள் அந்த இடத்தில் கையொப்பமோ சுருக்கொப்பமோ இட்டு உறுதிசெய்யாவிட்டால், பதிவு அலுவலர் அதை ஏற்க மறுக்கலாம். அட்டவணை என்பது இயல்பாகவே வெற்றிடம் நிறைந்த வடிவம். ஆகவே ஒப்பந்தத்தில் அட்டவணை போடுகிறவர்கள் ஒவ்வொரு கட்டத்தையும் ஒரு சொல்லால் நிரப்ப வேண்டும், கடைசி வரிசைக்குக் கீழே கோடு இழுத்து மூட வேண்டும், அந்தப் பக்கத்தில் நான்கு புள்ளிகளும் கையொப்பம் இட வேண்டும். அட்டவணையை ஆவணத்தின் கடைசியில் சொத்து விவரத்தோடு சேர்க்கிறவர்கள், பங்கைப் பற்றிய விதியில் ‘இந்த ஒப்பந்தத்தின் பகுதியான 1ஆம் அட்டவணையில் கண்டபடி’ என்று எழுதிவிட வேண்டும்.